ஐந்தாவது விசேஷத்தின் பணம்

கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களின் குடோனுக்கு ஆடி மாதத்தில் போனால் பாத்திரங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். அண்டா, தேக்சா, ஜல்லிக் கரண்டி, சாம்பார் வாளி என்று வரிசையாக அடுக்கியிருக்கும். ஒரு மூலையில் ஈயம் பூசுகிறவர் அடுப்பு மூட்டியிருப்பார். அவரைத் தவிர அங்கே வேலை செய்வது முதலாளியின் செல்போன் ஒன்றுதான். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆள் பேசுகிற மாதம் அது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து, மெனு எழுதி, இலைக்கு இவ்வளவு என்று பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு ஆடியில், நான் கணக்கு எழுதிக் கொடுத்த ஒருவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டிச் சொன்னார்: "ஆடியில தொழில் இல்லேன்னு எல்லாரும் சொல்றாங்க சார். எனக்கு ஆடியிலதான் கையில காசு இருக்கு." அவர் சொன்னதில் பொய் இல்லை. அடுத்த மார்கழியில் அதே மனிதர் மனைவியின் வளையலை அடகு வைக்கக் கிளம்பினார். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கிற கணக்கைத்தான் இங்கே விரித்துப் பார்க்கப் போகிறேன்.

வருமானம் ஏறி இறங்குகிற சிறுதொழில்கள் நம் ஊரில் நிறைய உண்டு. புரட்டாசியில் பிரியாணிக் கடை, மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் வியாபாரம், மழைக்காலத்தில் செங்கல் சூளை என்று அடுக்கலாம். கல்யாணச் சமையலை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் இறங்குமுகம் காலண்டரிலேயே அச்சாகி வருகிறது என்பதுதான். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. பங்குனியைச் சிலர் தவிர்ப்பார்கள். எப்போது வரும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த நெருக்கடி வேறு தொழில்களுக்கு அமைவது அரிது. அப்படியும் அது ஒவ்வொரு வருடமும் ஆட்களைப் பிடிக்கிறது என்றால், தெரியாமை அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

கீழே வரும் எண்கள் தனி ஒருவருடையவை அல்ல. நடுத்தர அளவில் தொழில் செய்கிற ஒரு காண்ட்ராக்டருக்குப் பொருந்துகிற மாதிரி, கணக்கு எளிதாக விளங்குவதற்காக முழு எண்களாக வைத்திருக்கிறேன். அவர் வருடத்துக்கு 50 விசேஷம் செய்கிறார். ஒரு விசேஷத்துக்குச் சராசரி பில் 1,50,000 ரூபாய். மளிகை, காய்கறி, பால், இலை, கேஸ், மாஸ்டர் முதல் பரிமாறுகிறவர் வரை கூலி என்று 1,15,000 போய்விடும். மிஞ்சுவது 35,000. இது லாபம் அல்ல. இதிலிருந்துதான் நிலைச் செலவு கழிய வேண்டும்.

விசேஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தே ஆக வேண்டியவைதான் நிலைச் செலவு. கடைக்கும் குடோனுக்கும் வாடகை 18,000. நிரந்தர ஆட்கள் மூவர், அதாவது மேனேஜர், பாத்திரம் பார்ப்பவர், டிரைவர், இவர்களுக்குச் சம்பளம் 48,000. வண்டித் தவணை 13,500. மின்சாரம், போன், இன்சூரன்ஸ் வகையில் 6,500. சீட்டு 10,000. முதலாளி வீட்டுச் செலவு 34,000. கூட்டினால் 1,30,000. கடைசி வரியை எழுதச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். "வீட்டுச் செலவைக் கடைக் கணக்கில் ஏன் எழுத வேண்டும்?" என்பார்கள். கடையிலிருந்துதான் அந்தப் பணம் போகிறது. எழுதாமல் விட்டால் அது போகாமல் இருந்துவிடாது.

இந்தக் கணக்கின்படி மாதம் நான்கு விசேஷம் நடந்தால் 1,40,000 வரும், செலவு கட்டுப்படியாகும். ஐந்தாவது விசேஷத்திலிருந்துதான் உண்மையில் மிச்சம் பிடிக்கிறார். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

ஆடியில் இருக்கிற காசு யாருடையது

ஆடியில் அவருக்கு ஒரே ஒரு விசேஷம், அதில் 35,000 வருகிறது. நிலைச் செலவு 1,30,000. ஆக 95,000 பள்ளம். ஆனால் ஆவணியில் ஏழு விசேஷம் பேசியாகிவிட்டது, ஒவ்வொன்றுக்கும் 25,000 அட்வான்ஸ் என்றால் 1,75,000 கைக்கு வந்துவிட்டது. பள்ளம் நிரம்பி மேலே 80,000 நிற்கிறது. இழுப்பறையில் நான் பார்த்தது இந்தப் பணம்தான்.

இனி ஆவணிக்கு வருவோம். வருடத்தின் மிகப் பரபரப்பான மாதங்களில் ஒன்று. ஏழு விசேஷத்துக்கும் அட்வான்ஸ் போக மீதி, ஒன்றுக்கு 1,25,000 வீதம் 8,75,000 வருகிறது. மளிகைக்கும் கூலிக்கும் 8,05,000 போகிறது. மிஞ்சுவது 70,000. அதிலிருந்து நிலைச் செலவு 1,30,000 கொடுக்க வேண்டும். ராப்பகலாக உழைத்த மாதத்தில் கையிருப்பு 60,000 குறைகிறது! "ஆவணியில இவ்வளவு ஓடினேன், காசு எங்க போச்சுன்னே தெரியல" என்று காண்ட்ராக்டர்கள் சொல்வது இதைத்தான். காசு எங்கும் போகவில்லை. ஆடியிலேயே செலவாகிவிட்டது.

உடனே தெரியாதபடி இதை மூடி மறைப்பது மளிகை மண்டிக் கடன். கையில் காசு குறைந்தால் மண்டியில் "அடுத்த விசேஷத்தில் தருகிறேன்" என்று சரக்கு எடுப்பார்கள். மண்டிக்காரர் முகம் கோண மாட்டார். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று வைத்திருப்பார், அவ்வளவுதான். பருப்பிலும் எண்ணெயிலும் விலை கூடும். 35,000 மிஞ்ச வேண்டிய விசேஷத்தில் 32,000 மிஞ்சும், ஏன் என்று தெரியாது. சீசன் முடிந்த மாதத்தில் மண்டி நிலுவை கூடியிருந்தால் அட்வான்ஸ் பணத்தில் குடித்தனம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு புதிய கணக்கைக் கையில் எடுத்தால் முதலில் புரட்டுவது மண்டி நோட்டைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கழித்தல் போதும். வாரம் ஒருமுறை, கையிலும் வங்கியிலும் உள்ள பணத்தை எழுதுங்கள். அதிலிருந்து இன்னும் நடக்காத விசேஷங்களுக்கு வாங்கிய அட்வான்ஸைக் கழியுங்கள். மண்டி நிலுவையைக் கழியுங்கள். கட்ட வேண்டிய ஜிஎஸ்டியைக் கழியுங்கள். சேவைத் தொழிலில் அட்வான்ஸ் வாங்கிய மாதத்திலேயே அதற்கு வரி விழுந்துவிடும் என்பதால், கேட்டரிங்குக்கு வழக்கமாக உள்ள 5 விழுக்காட்டை விசேஷம் முடியட்டும் என்று தள்ளிவைக்கவும் முடியாது. கழித்து மிஞ்சுவதுதான் சொந்தப் பணம். நம் காண்ட்ராக்டர் சேமிப்பு எதுவும் இல்லாமல் ஆடிக்குள் நுழைந்தவர் என்றால், இழுப்பறையில் 80,000 இருந்த அன்று அவருடைய சொந்தப் பணம் மைனஸ் 95,000.

எவ்வளவு வேண்டும்

சேமநிதி எவ்வளவு என்று கேட்டால் "மூன்று மாதச் செலவு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு அது 3,90,000. அமெரிக்காவில் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு நிறுவனம் 2016இல் சுமார் ஆறு லட்சம் சிறுதொழில்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரவு முழுக்க நின்றுபோனால் இருக்கிற பணத்தைக் கொண்டு எத்தனை நாள் செலவைத் தாங்க முடியும் என்பது கேள்வி. நடுவில் நிற்கும் தொழிலுக்கு 27 நாள், உணவகங்களுக்கு 16 நாள் என்று விடை வந்தது. பயனுள்ள ஆய்வுதான், ஆனால் நம் கேள்வி வேறு. ஆடியில் வரவு முழுக்க நின்றுபோவதில்லை, குறைகிறது. அதோடு ஒரு பள்ளம் மேடாவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது. ஆகவே மாதத்தை எண்ணிப் பயனில்லை. பள்ளங்களைக் காலண்டர் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய், அடிமட்டம் எங்கே தட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனி முடிவிலிருந்து தொடங்குவோம். ஆடியில் 95,000 இறங்குகிறது. ஆவணியில் ஏழு விசேஷம், நிலைச் செலவு போக 1,15,000 ஏறுகிறது. ஆக 20,000 மேலே வந்துவிடுகிறோம். இங்கேதான் ஏமாற்றம். "தப்பித்தோம்" என்று பட்டாசு வெடித்தது போல் ஒரு நிம்மதி வரும். புரட்டாசியில் மீண்டும் 95,000 இறங்குகிறது. ஐப்பசியில் நாலு விசேஷம், ஏறுவது 10,000தான். கார்த்திகையில் ஐந்து, 45,000. மார்கழியில் மறுபடியும் 95,000 இறக்கம். கூட்டிப் பார்த்தால் ஆனியில் இருந்த நிலைக்கு 1,15,000 கீழே நிற்கிறோம். ஆழமான இடம் மார்கழிக் கடைசி, போகிக்கு முந்தின வாரம். ஆடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆளைச் சாய்ப்பது மார்கழி. ஏனென்றால் ஆடிக்கு முன்னால் ஆறு மாதச் சேமிப்புக்கு இடம் இருக்கிறது, மார்கழிக்கு முன்னால் புரட்டாசி இருக்கிறது.

இது எல்லாம் ஒழுங்காக நடக்கும் வருடத்தின் கணக்கு. ஆவணியில் எப்போதும் ஏழு கிடைக்காது. ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசையோ இரண்டு பௌர்ணமியோ வந்தால் அதை மல மாதம் என்று பலர் ஒதுக்குவார்கள். சுக்கிரன் அஸ்தமனமாகும் நாட்களைத் தவிர்க்கிறவர்களும் உண்டு. நல்ல முகூர்த்தங்கள் இரண்டு மூன்று தேதிகளில் குவிந்துவிட்டாலும் தொல்லைதான். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் ஒருவரால் செய்ய முடியாது, மீதி வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே ஆவணியை ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை, அதையும் மூன்றாக்குங்கள். அடிமட்டம் 1,15,000இலிருந்து 2,20,000க்குப் போய்விடுகிறது. மொத்தம் மூன்றே விசேஷம் குறைந்ததற்கு இந்த வித்தியாசம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது எந்தச் செலவுப் பட்டியலிலும் வராது. சமையல் மாஸ்டரும் அவருடைய ஆட்களும் நாள் கூலிக்காரர்கள். ஆடியில் அவர்களுக்கும் வேலை கிடையாது. அவர்கள் வந்து தலைக்கு மூவாயிரம் ஐயாயிரம் கேட்பார்கள், ஆவணிக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கொடுத்தவருக்குத்தான் ஆவணியில் வருவார்கள். 15 பேருக்கு நாலாயிரம் வீதம் 60,000. ஆவணியில் திரும்பிவிடும் என்பதால் இதை யாரும் செலவாக எண்ணுவதில்லை. ஆனால் பொங்கலுக்குத் துணி எடுக்க வேண்டுமென்று மார்கழிக் கடைசியில் மீண்டும் கேட்பார்கள், சரியாக அடிமட்டம் தட்டுகிற வாரத்தில்! ஆக நம் காண்ட்ராக்டர் ஆனி முடிவில் வைத்திருக்க வேண்டிய சேமநிதி 2,80,000.

இந்தத் தொகை இல்லாதவர் மார்கழியில் எங்கே போகிறார்? நகை இருந்தால் அடகுக் கடைக்கு. அது முடிந்திருந்தால் தண்டல்காரரிடம். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார், தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. அதோடு, அந்த நூறு ரூபாய் அடுத்த நூறு நாளுக்குப் புதிய நிலைச் செலவு. பள்ளத்தை மூட வாங்கியது பள்ளத்தை ஆழமாக்குகிறது.

சேர்க்கிற விதம்

தை முதல் ஆனி வரை ஆறு மாதத்தில் நம் காண்ட்ராக்டருக்கு 31 விசேஷம்: தை 6, மாசி 5, பங்குனி 3, சித்திரை 5, வைகாசி 7, ஆனி 5. நிலைச் செலவெல்லாம் போக இந்த ஆறு மாதத்தில் மிஞ்சுவது 3,05,000. தேவை 2,80,000. ஆக ஒரே அரையாண்டில் சேர்த்துவிட முடியும், ஆனால் கொஞ்சம்தான் இடைவெளி. நடைமுறையில் இந்த 3,05,000 எங்கே போகிறது என்றால், ஜூனில் பள்ளிக் கட்டணம், அட்சய திருதியைக்கு ஒரு சங்கிலி, "சீசன் நன்றாகப் போகிறது" என்று புதிதாக நாற்பது டப்பா பாத்திரம். வசதி கண்ணுக்குத் தெரிகிற மாதங்களில்தான் இவை எல்லாம் கேட்கும்.

ஒரு விசேஷத்துக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கலாமா என்று முதலில் பார்த்தேன். 2,80,000ஐ 31ஆல் வகுத்தால் ஒன்பதாயிரம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. பங்குனியில் மூன்றே விசேஷம் வரும்போது, கடைச் செலவுக்கே பணம் பற்றாத மாதத்தில் 27,000 எடுத்து வைக்கச் சொல்கிறது. எடுத்து வைத்ததையே திரும்ப எடுக்க வேண்டிவரும். ஒருமுறை எடுத்தால் அப்புறம் அது சேமநிதி அல்ல, இன்னொரு இழுப்பறை.

அதைவிடத் தொழிலுக்குப் பொருந்துவது இது: மாதத்தின் முதல் நாலு விசேஷம் கடைக்கு. ஐந்தாவதிலிருந்து மிஞ்சுகிற 35,000 அப்படியே சேமநிதிக்கு. தையில் இரண்டு, மாசியில் ஒன்று, பங்குனியில் இல்லை, சித்திரையில் ஒன்று, வைகாசியில் மூன்று, ஆனியில் ஒன்று. மொத்தம் எட்டு விசேஷத்தின் மிச்சம், 2,80,000. கடைப் பக்கம் பங்குனியில் ஐயாயிரம் போல இடிக்கும், சித்திரையில் சரியாகிவிடும். ஆனி முடிவில் கடைக் கணக்கிலேயே 25,000 மிஞ்சி நிற்கும். அது ஆடியில் ஈயம் பூசவும் அடுப்பு பழுது பார்க்கவும் ஆகும்.

எப்போது எடுத்து வைப்பது என்பதும் முக்கியம். மாதக் கடைசியில் மிஞ்சினால் வைக்கலாம் என்றால் மிஞ்சாது. கட்டுச்சாதம் கட்டிக் கொடுத்து, மண்டபத்தைக் காலி செய்து, பெண் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து இலைக் கணக்குப் பார்த்து மீதியைக் கொடுக்கிற அந்த மதியமே பிரிக்க வேண்டும். முதலில் மண்டிக்கு, பிறகு கூலிக்கு, மூன்றாவதாகச் சேமநிதிக்கு. பணம் வேறு வங்கியில், ஜிபே இணைக்காத கணக்கில் இருப்பது நல்லது. ஆனி முடிவில் அதை மூன்று வைப்புகளாகப் பிரித்து ஆடி, புரட்டாசி, மார்கழி என்று முதிர்வு வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். வட்டிக்காக அவர் அதைச் செய்யவில்லை. ஆவணி நிம்மதியில் கை நீளாமல் இருப்பதற்காகச் செய்தார்.

சீட்டு இருக்கிறதே என்பார்கள். பதிவு பெற்ற ஏலச் சீட்டு நல்ல சேமிப்புதான், பல குடும்பங்களில் வீடே அதில்தான் எழுந்திருக்கிறது. ஆனால் சேமநிதியின் வேலையை அது செய்யாது. ஆடியிலும் மார்கழியிலும் பத்தாயிரம் கட்டியாக வேண்டும், ஆகவே அதுவே நிலைச் செலவு. அவசரத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் தள்ளிக் கேட்க வேண்டும். பந்தல்காரர், மேளக்காரர், பூக்கட்டுகிறவர், போட்டோ எடுப்பவர் என்று ஒரே சீசனை நம்பியவர்கள் ஒரே சீட்டில் இருந்தால் எல்லோருக்கும் மார்கழியில்தான் பணம் வேண்டும். அப்போது தள்ளு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதைக் குறைப்பது

நிலைச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்போது பொதுவாக வருடத்துக்கு எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்க்கிறோம். ஏறி இறங்குகிற தொழிலில் இன்னொரு பெருக்கல் இருக்கிறது. ஆனி முடிவிலிருந்து அடிமட்டத்துக்கு ஆறு மாதம். ஆகவே மாதச் செலவில் ஆயிரம் குறைந்தால் சேர்க்க வேண்டிய நிதியில் ஆறாயிரம் குறைகிறது. சேர்ப்பதும் குறைப்பதும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். இதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு செலவையும் எடைபோட வேண்டும்.

டீத்தூள், போன் ரீசார்ஜ், குடோன் பல்பு என்று தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மாதம் ஐந்நூறு தேறும், ஆட்களின் முகம் சுருங்கும். நம் பட்டியலில் பெரியது வண்டி. தவணை 13,500, டிரைவர் 14,000, இரண்டும் சேர்ந்து மாதம் 27,500. வருடத்துக்கு 3,30,000, அதை 50 விசேஷத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 6,600. வெளியே குட்டியானை பிடித்து, பாத்திரம் கொண்டுபோக ஒரு நடை, திருப்பிக் கொண்டுவர ஒரு நடை என்று 5,000 ஆகிறது என்று வையுங்கள். டீசலைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் வாடகை மலிவு. சேமநிதிப் பக்கம் இன்னும் தெளிவு. மோசமான வருடத்தில் ஆடி முதல் மார்கழி வரை 16 விசேஷம்தான். வாடகை வண்டிக்கு 80,000 ஆகும், சொந்த வண்டிக்கு 1,65,000. தேவையான நிதி 85,000 இறங்கிவிடுகிறது.

அப்படியானால் விற்றுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். முகூர்த்த நாளில் ஊரிலுள்ள எல்லாக் குட்டியானைக்கும் வேலை இருக்கும். முதல்நாள் மாலை நாலு மணிக்குப் பாத்திரம் மண்டபம் போய்ச் சேரவில்லை என்றால் மாப்பிள்ளை அழைப்பு டிபன் தள்ளிப்போகும், அந்தக் கெட்ட பெயரை ஐயாயிரத்தில் எழுத முடியாது. பழைய வண்டியை விற்றால் கடன் பாக்கி தீருமா என்றும் பார்க்க வேண்டும்.

தவணை இன்னும் ஒரு வருடத்தில் முடியும் என்றால் என் யோசனை வேறு. டிரைவரை வைத்துக்கொண்டு, தவணையை முடித்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்வது. 13,500 நின்றாலே அடிமட்டம் 81,000 மேலே வருகிறது, விற்றால் கிடைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் இதற்குத்தான் அதிக மனஉறுதி வேண்டும். கடைசித் தவணை கட்டிய வாரமே "உங்கள் ரெக்கார்டு நன்றாக இருக்கிறது, பெரிய வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஷோரூமிலிருந்து போன் வரும். அது வைகாசியாக இருந்தால் எடுத்துவிடுவார்கள்.

அதேபோல் ஓடுகிற சீட்டை நடுவில் விட வேண்டாம், நஷ்டம். முடிந்ததும் அடுத்ததில் சேராமல் இருந்தால் 60,000 குறைகிறது. வண்டித் தவணையும் சீட்டும் நின்ற பிறகு மாத நிலைச் செலவு 1,06,500. மோசமான வருடத்துக்குத் தேவையான நிதி 2,80,000 போய் 1,39,000 ஆகிவிடுகிறது. மூன்று விசேஷத்திலேயே கடைச் செலவு ஏறத்தாழக் கட்டுப்படியாகிறது, நாலாவதிலிருந்தே சேர்க்கத் தொடங்கலாம். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. ஈயம் பூசுவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் பித்தளையில் புளி பட்டுக் களிம்பு ஏறும், ரசம் கசக்கும். ஆட்களுக்குக் கொடுக்கிற முன்பணத்தை நிறுத்தினால் ஆவணியில் மாஸ்டர் வேறு குடோனில் நிற்பார். இந்த முன்பணத்தைக் குறைக்க ஒரே நேர்வழி ஆடியிலேயே அவர்களுக்கு வேலை கொடுப்பது. அம்மன் கோயில் திருவிழா அன்னதானம், கூழ் வார்த்தல், புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகை, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களுக்குச் சாப்பாடு ஆகியவற்றை எடுக்கலாம். உபயதாரர்கள் கொடுப்பது குறைவு, காண்ட்ராக்டருக்கு ஐயாயிரம் எட்டாயிரம்கூட நிற்காது. ஆனால் பதினைந்து பேருக்கு நாலு நாள் கூலி கிடைத்தால் அவர்கள் கேட்கிற முன்பணம் பாதியாகும். அந்த வேலையின் லாபம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. 2020 மார்ச் 25இல் ஊரடங்கில் நாடு அடைபட்டபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. சித்திரையும் வைகாசியும் போயின. கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்தது. பள்ளங்களுக்குப் பணம் சேர்க்க வேண்டிய மேடே அந்த வருடம் இல்லாமல் போயிற்று. அதைவிட, தள்ளிப்போன கல்யாணங்களின் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். ஆடியைத் தாங்குவதற்காகச் சேர்த்த எந்த நிதியும் அதற்குப் போதாது. அதற்குக் கடனில்லாத வீடோ, இந்தத் தொழிலைச் சாராத ஒரு சம்பளமோ குடும்பத்தில் வேண்டும். சீசன் பள்ளத்தையும் இப்படிப்பட்ட பேரிடரையும் ஒரே உண்டியலில் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டுக்கும் உதவாது.

இழுப்பறையைக் காட்டியவர் அந்த வளையலை மாசியில் மீட்டார். அடுத்த டிசம்பரில் புதுத் தினசரிக் காலண்டர் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். சிவப்புப் பேனாவால் ஆவணி முகூர்த்தங்களை வட்டம் போட்டு வைத்திருந்தார். "ரெண்டு தேதியில நாலு நாலா குவியும் போல இருக்கு சார், எனக்கு அஞ்சுக்கு மேல தேறாது" என்றார். பிறகு வாடகை வண்டிக்காரருக்குப் போன் போட்டு, அந்த இரண்டு தேதிக்கு மட்டும் இன்னொரு வண்டி வேண்டுமென்று எட்டு மாதம் முன்னதாகவே சொல்லி வைத்தார்.